சுருக்குப் பையில் ஒரு மாத்திரை அட்டை

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் டயசெபாம், நைட்ரசெபாம், அல்ப்ரஸோலம், லொரசெபாம் போன்ற மாத்திரைகள் எல்லாம் பென்சோடயசெப்பைன் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டு வாரம், மிஞ்சிப் போனால் நான்கு வாரம் சாப்பிட்டு நிறுத்த வேண்டியவை என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988-லேயே சொல்லிவிட்டது. ஆனால் உலகெங்கும் இவற்றை இருபது, முப்பது ஆண்டுகளாக ஓர் இரவுகூட விடாமல் சாப்பிட்டு வரும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் அதிகம். பலருடைய வீட்டில் இந்த விஷயம் யாருக்கும் தெரியாது.

அப்படிப்பட்ட ஒரு பாட்டியின் கதையை வைத்து, அந்த மாத்திரை உடலில் என்ன செய்கிறது, ஏன் விட முடியாமல் போகிறது, எப்போது ஆபத்தாகிறது, எப்படி விடுவது என்பதை இங்கே பார்க்கலாம். பாட்டி கற்பனைப் பாத்திரம். அவருக்கு நேர்வதெல்லாம் மருத்துவர்கள் வார்டுகளில் பார்த்துப் பழகியவை.

பத்து நாளுக்குத் தந்த மாத்திரை

பாட்டிக்கு வயது 74. கும்பகோணத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். 1991-ல் கணவர் திடீரென்று இறந்தபோது அவருக்கு 41 வயது. காரியம் முடிந்து உறவினர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு இரவில் கண் மூட முடியவில்லை. தெருக்கோடி டாக்டர் 5 மில்லிகிராம் டயசெபாம் எழுதித் தந்தார். ராத்திரி ஒன்று, பத்து நாளைக்கு.

முதல் இரவே தூக்கம் வந்தது. பதினோராம் நாள் மாத்திரை இல்லை, தூக்கமும் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டியதும் இன்னொரு அட்டை கொடுத்தார்கள். சில மாதங்களில் சீட்டைக் கேட்பதும் நின்றுபோனது. பிறகு வேறொரு டாக்டர் அதை அல்ப்ரஸோலமாக மாற்றினார். முதலில் 0.25 மில்லிகிராம், பின்னர் 0.5. அதற்குப் பிறகு அளவு கூடவே இல்லை. கணக்குப் போட்டால் 33 ஆண்டுகளில் பன்னிரண்டாயிரம் மாத்திரைகளுக்கு மேல் ஆகிறது.

பிபி மாத்திரையும் சுகர் மாத்திரையும் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும். மகள் எடுத்துக் கொடுப்பாள். இந்த அட்டை மட்டும் இடுப்பில் செருகிய சுருக்குப் பையில், வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவே இருக்கும். தமிழ்க் குடும்பங்களில் தூக்க மாத்திரை என்றாலே தற்கொலை நினைவுதான் முதலில் வரும். சொன்னால் பிள்ளைகள் பயந்து பிடுங்கிவிடுவார்கள் என்பது பாட்டியின் கவலை. அதோடு, அவரைப் பொறுத்தவரை அது ஒரு மருந்தாகவே கணக்கில் இல்லை; பல் தேய்ப்பதுபோல் ராத்திரி ஒன்பது மணிக்குச் செய்யும் ஒரு காரியம்.

மூளையில் நடப்பது

மூளையில் நரம்பணுக்களைக் கிளர்த்தும் பொருள்களும் உண்டு, அடக்கும் பொருள்களும் உண்டு. அடக்குபவற்றில் முக்கியமானது காபா. அது நரம்பணுவின் மேலிருக்கும் ஏற்பியில் போய் ஒட்டினால் குளோரைடு அயனிகள் உள்ளே நுழையும். அந்த அணு சற்று நேரம் எளிதில் தூண்டப்படாமல் அடங்கிக் கிடக்கும். பென்சோடயசெப்பைன் மாத்திரை தானாக அணுவை அடக்குவதில்லை. அதே ஏற்பியில் வேறோர் இடத்தில் ஒட்டி, காபாவின் வேலையைப் பலமடங்கு வலுவாக்குகிறது. பதற்றம் தணிவது, தசை தளர்வது, தூக்கம் வருவது, வலிப்பு அடங்குவது எல்லாம் இந்த ஒரே செயலின் விளைவுகள்.

இந்தக் குடும்பத்தின் முதல் மருந்தான குளோர்டயசெபாக்சைடு, ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தில் வேலை செய்த லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் பிறந்தது. 1960-ல் விற்பனைக்கு வந்தது. 1963-ல் டயசெபாம் தொடர்ந்தது. அதுவரை புழக்கத்தில் இருந்த பார்பிச்சுரேட் மாத்திரைகள் அளவு மீறினால் மூச்சை நிறுத்தி ஆளைக் கொன்றுவிடும். புதிய மாத்திரைகளைத் தனியாகச் சாப்பிட்டால் அந்த ஆபத்து மிகக் குறைவு. அதனால் மருத்துவர்கள் தாராளமாக எழுதித் தந்தார்கள். பழக்கமாகிவிடும் என்பது பரவலாக உணரப்பட இருபது ஆண்டுகள் ஆயின.

பழக்கமாவது இப்படித்தான். வெளியிலிருந்து ஒவ்வோர் இரவும் அடக்கும் சக்தி வந்துகொண்டே இருந்தால், மூளை அதற்கு ஈடுகட்டத் தன் ஏற்பிகளை மந்தமாக்கிக்கொள்கிறது; கிளர்த்தும் பக்கத்தையும் கூட்டிக்கொள்கிறது. சில வாரங்களில் மாத்திரையின் தூக்க விளைவு பெரும்பகுதி தேய்ந்துவிடுகிறது. ஆனால் மாத்திரையை எடுத்துவிட்டால் மூளை செய்துகொண்ட ஈடு மட்டும் அப்படியே நிற்கும். எதிர்ப்பக்கம் தள்ளுபவர் திடீரென்று விலகினால் கதவைச் சாய்ந்து தாங்கியவர் குப்புற விழுவதைப் போல, அன்றிரவு மூளை விழிப்பை நோக்கிச் சாய்கிறது. மாத்திரைக்கு முன்பிருந்ததைவிட மோசமான தூக்கமின்மை வருகிறது.

பாட்டியை 33 ஆண்டுகள் கட்டிப்போட்டது இதுதான். எப்போதாவது மாத்திரை தீர்ந்துபோன இரவில் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். 'இது இல்லாவிட்டால் தூக்கமே வராது' என்பதற்கு அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டார். உண்மையில் அந்த இரவின் தூக்கமின்மையை உண்டாக்கியதே மாத்திரையின் விலகல்தான். சில வாரங்கள் பொறுத்திருந்தால் மூளை மெல்லத் தன் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். தூக்கமில்லாத மூன்றாவது இரவில் அப்படிப் பொறுமையாக இருக்கச் சொல்லித்தர யாரும் இல்லை.

இதைப் போதைப் பழக்கம் என்று சொல்வது சரியல்ல. போதைக்கு அடிமையானவர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். அதற்காக மற்றதையெல்லாம் விடுவார். பாட்டி அளவைக் கூட்டவில்லை, வீட்டு வேலை எதிலும் குறை வைக்கவில்லை. உடல் ஒரு மருந்துக்குப் பழகி, அது இல்லாமல் இயங்க முடியாத நிலைக்கு வந்திருப்பது வேறு. இதைச் சார்பு நிலை என்பார்கள். டாக்டர் சொன்ன அளவிலேயே சாப்பிட்டு வந்தவருக்கும் அது வரும். பாட்டியிடம் 'அடிமை' என்ற சொல்லை எடுத்தால் அவர் இன்னும் ஆழமாக ஒளித்துவைக்கத்தான் செய்வார்.

அதே மாத்திரை, வேறு உடல்

41 வயதில் சாப்பிட்ட மாத்திரையும் 74 வயதில் சாப்பிடும் மாத்திரையும் ஒன்றாக இருக்கலாம், உடல் ஒன்றல்ல. வயதாக ஆகக் கல்லீரல் இந்த மருந்துகளைச் சிதைக்கும் வேகம் குறைகிறது. உடம்பில் கொழுப்பின் பங்கு கூடுவதால் டயசெபாம் போன்ற கொழுப்பில் கரையும் மருந்துகள் அங்கே தங்கி நாள்கணக்கில் கசிகின்றன. மூளையும் அதே அளவு மருந்துக்கு அதிகமாக மயங்குகிறது.

அல்ப்ரஸோலத்தை எடுத்துக்கொண்டால், ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய இளையவர்களுக்குச் சுமார் 11 மணி நேரம் ஆகும். முதியவர்களுக்குச் சுமார் 16 மணி நேரம். ராத்திரி ஒன்பதுக்குப் பாட்டி போட்ட மாத்திரை பாதியாவது மறுநாள் மதியம் ஒரு மணிக்கு. அடுத்த மாத்திரையை வாயில் போடும்போது முந்தைய மாத்திரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடம்பில் மிச்சம் இருக்கும். காலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பது, சொன்ன கதையையே திரும்பச் சொல்வது இவற்றையெல்லாம் வீட்டார் வயசாச்சு என்று விட்டுவிட்டார்கள். ஒரு பகுதிக்கு வயது காரணமாக இருக்கலாம். இன்னொரு பகுதி அந்த மாத்திரை.

இந்த மருந்துகளை நீண்ட காலம் சாப்பிடுவது மறதி நோயை உண்டாக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சில ஆய்வுகள் தொடர்பு உண்டு என்கின்றன. மறதி நோயின் தொடக்கக் கட்டத்திலேயே தூக்கம் கெடுவதால்தான் அப்படித் தோன்றுகிறது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். கீழே விழுவதில் மட்டும் இத்தகைய சந்தேகம் குறைவு. மருந்து தசையைத் தளர்த்துகிறது, கால் தடுமாறினால் சமாளித்து நிற்கும் அனிச்சைச் செயலைத் தாமதமாக்குகிறது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பியர்ஸ் பட்டியல், 65 வயதைக் கடந்தவர்களுக்குத் தூக்கமின்மைக்காக இவற்றைத் தருவதைத் தவிர்க்கச் சொல்வதற்கு விழுதலும் எலும்பு முறிவும் முக்கியக் காரணங்கள்.

இவ்வளவு விலை கொடுத்துக் கிடைப்பது என்ன? 60 வயதைக் கடந்தவர்களிடம் தூக்க மருந்துகளைப் பற்றி நடந்த 24 ஆய்வுகளைத் தொகுத்து 2005-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. மருந்தால் கூடிய தூக்கம் சராசரியாக இரவுக்கு 25 நிமிடம். 13 பேர் சாப்பிட்டால் ஒருவருக்குத் தூக்கம் தெளிவாக மேம்படுகிறது. 6 பேர் சாப்பிட்டால் ஒருவருக்குப் பக்கவிளைவு வருகிறது. இவையும் பெரும்பாலும் சில நாள், சில வாரம் சாப்பிட்டவர்களின் கணக்கு. முப்பது ஆண்டு சாப்பிட்டவருக்கு அந்த 25 நிமிடமும் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே.

மூன்றாம் இரவு

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வழக்கம்போல் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்த பாட்டி, இரண்டு மணிக்குக் கழிப்பறைக்கு எழுந்தார். வாசற்படியில் கால் தடுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. விடிவதற்குள் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மகள் பிபி, சுகர் மாத்திரை டப்பாவை நர்ஸிடம் கொடுத்திருந்தாள். புடவை மாற்றும்போது அவிழ்த்த சுருக்குப் பை வீட்டிலேயே இருந்துவிட்டது.

செவ்வாய் இரவு பாட்டி ஒரு நொடி தூங்கவில்லை. புதன் காலை கை நடுங்கியது, உடம்பெல்லாம் வியர்த்தது, நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டியது, ரத்த அழுத்தமும் ஏறியது. புதன் இரவு போர்வையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். சுவரில் எறும்பு ஊர்கிறது என்றார். இறந்துபோன அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கையில் ஏற்றியிருந்த ஊசியைப் பிடுங்க முயன்றார்.

இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவர்களுக்கு மனக்குழப்பம் வருவது அபூர்வமல்ல. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, ஆக்சிஜன் குறைவு, சர்க்கரை இறக்கம், வலி, வலி மருந்து என்று காரணங்களின் வரிசை நீளமானது. மருத்துவர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. வியாழக்கிழமை காலை ஒரு டாக்டர் மகளைக் கூப்பிட்டார்.

"வீட்ல தூக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுவாங்களாம்மா?"

"இல்லைங்க டாக்டர். பிபிக்கு ஒண்ணு, சுகருக்கு ஒண்ணு. வேற எதுவுமே கிடையாது."

மகள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்று மதியம் துணி எடுக்க வீட்டுக்குப் போன பேத்தி, பாட்டிக்குப் பிரியமான சுருக்குப் பையையும் கொண்டுவந்தாள். உள்ளே பத்து மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. ஆறு குழிகள் காலி, நான்கில் மாத்திரை. ஓரத்தில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை.

அந்த அட்டை சிகிச்சையையே தலைகீழாக்கியது. மற்றக் காரணங்களால் வரும் மனக்குழப்பத்துக்குப் பென்சோடயசெப்பைன் தரக்கூடாது. தந்தால் குழப்பம் முற்றும். கட்டுக்கடங்காமல் போனால் ஹாலோபெரிடால் போன்ற மருந்தைச் சிறு அளவில் தருவார்கள். ஆனால் பென்சோடயசெப்பைன் திடீரென்று நின்றதால் வரும் குழப்பத்துக்கு மருந்தே பென்சோடயசெப்பைன்தான். அதைத் தராமல் விட்டால் வலிப்பு வரலாம். ஹாலோபெரிடாலோ வலிப்பு வரும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டக்கூடியது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு நிலைகள், எதிரெதிர் மருத்துவம். இரண்டையும் பிரித்துக் காட்டப் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனை உதவாது. நோயாளி வீட்டில் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்ற ஒரு வரித் தகவல்தான் உதவும்.

பாட்டிக்குப் பழைய அளவிலேயே அல்ப்ரஸோலம் மீண்டும் தொடங்கப்பட்டது. அதோடு அறுவை சிகிச்சைக்குப் பின் தந்துகொண்டிருந்த டிரமடால் என்ற வலி மருந்தை நிறுத்தி, பாரசிட்டமாலுக்கு மாற்றினார்கள். ஓபியாய்டு வகை வலி மருந்தும் பென்சோடயசெப்பைனும் ஒன்றாகச் சேர்ந்தால் மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை சாப்பிடுவது தெரியாத மருத்துவர் இந்த இரண்டையும் அறியாமல் சேர்த்துவிட வாய்ப்பிருக்கிறது. வெள்ளிக்கிழமை நடுக்கம் அடங்கியது. சனிக்கிழமை காலை பாட்டி பேத்தியை அடையாளம் கண்டு, வார்டு காபி வாயில் வைக்க விளங்கவில்லை என்றார்.

மருந்து நின்றபின் அறிகுறி எப்போது தொடங்கும் என்பது மருந்தைப் பொறுத்தது. அல்ப்ரஸோலம், லொரசெபாம் போல நடுத்தர நேரம் தங்கும் மருந்துகளுக்கு ஓரிரு நாளில் தொடங்கும். டயசெபாம் போல நெடுநேரம் தங்குபவற்றுக்கு ஒரு வாரம்கூடக் கழித்துத் தொடங்கலாம். அதற்குள் நோயாளி வீடு திரும்பியிருப்பார் என்பதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பது இன்னும் கடினம்.

கடையில் கிடைக்கும் வழி

இந்தியாவில் அல்ப்ரஸோலம், டயசெபாம், நைட்ரசெபாம் ஆகியவை எச் 1 என்ற அட்டவணையில் இருக்கின்றன. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள இந்த விதிப்படி, டாக்டரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

பாட்டியைப் போன்றவர்கள் இந்த வலையில் பெரும்பாலும் சிக்குவதில்லை. முப்பது ஆண்டு வாடிக்கையாளர், பேரன் வயதுக் கடைப் பையன், பத்து நாளுக்கு ஓர் அட்டை. கையெழுத்து மங்கிய பழைய சீட்டு ஒன்றே பல ஆண்டுகள் ஓடும். விதியைக் கறாராகப் பின்பற்றும் கடை வந்தால் வேறொரு விபரீதம் நேர்கிறது: மாத்திரை கிடைக்காமல் திடீரென்று நின்றுபோகிறது. வார்டில் நடந்தது வீட்டில் நடக்கும். புதிதாகத் தொடங்குபவரைத் தடுக்க இந்த விதி போதும். ஏற்கெனவே பழகிவிட்டவருக்கு, கடையில் மறுப்பதோடு ஒரு டாக்டரிடம் அனுப்பிவைப்பதும் வேண்டும்.

இரண்டு, ஒன்றரை, ஒன்று

எலும்பு கூடி பாட்டி வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகு, மனநல மருத்துவர் ஒருவர் மாத்திரையைக் குறைக்கும் பேச்சை எடுத்தார். பாட்டி முதலில் மறுத்தார். விழுந்ததற்கும் அந்த மாத்திரைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று விளக்கியதும் சம்மதித்தார். நோயாளியின் சம்மதம் இல்லாமல் வீட்டார் மாத்திரையை ஒளிப்பதோ, பாதியாக உடைத்து ஏமாற்றித் தருவதோ பலிக்காது. பயம்தான் கூடும், பயம் கூடினால் தூக்கம் போகும்.

கனடாவின் கியூபெக்கில் நடந்த எம்பவர் என்ற ஆய்வு இதற்கு நல்ல சான்று. 65 வயதைக் கடந்து, நெடுங்காலமாக இந்த மாத்திரையைச் சாப்பிட்டு வந்த 303 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு மாத்திரையின் ஆபத்தையும் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையையும் விளக்கும் சிறு புத்தகம் ஒன்று தபாலில் போனது. டாக்டரிடமோ கடைக்காரரிடமோ பேசும்படி அது சொன்னது. ஆறு மாதத்தில் அவர்களில் 27 சதவீதம் பேர் மாத்திரையை அடியோடு விட்டிருந்தார்கள்; மேலும் 11 சதவீதம் பேர் அளவைக் குறைத்திருந்தார்கள். புத்தகம் கிடைக்காத பாதியில் விட்டவர்கள் 5 சதவீதம். 2014-ல் வெளியான இந்த முடிவு, விஷயத்தை நேராகச் சொன்னால் எண்பது வயதுக்காரரும் முயன்று பார்க்கிறார் என்று காட்டியது. பெரும்பான்மையோர் விடவில்லை என்பதும் அதே முடிவில்தான் இருக்கிறது.

பாட்டிக்கு மருத்துவர் முதலில் 0.5 மில்லிகிராம் மாத்திரையை இரண்டு 0.25 மில்லிகிராம் மாத்திரைகளாக மாற்றினார். மொத்த அளவு ஒன்றுதான். சிறிய மாத்திரை என்பதால் நுணுக்கமாகக் குறைக்கலாம். மூன்று வாரத்துக்கு ஒரு படியாக, இரண்டு மாத்திரை ஒன்றரை ஆனது. பிறகு ஒன்று, முக்கால், அரை, கால், பிறகு எதுவும் இல்லை. முதல் இரண்டு படிகள் பெரியவை, பின்னவை சிறியவை. குறைந்த அளவில் இருக்கும்போது ஒவ்வொரு துளியின் விலகலையும் மூளை அதிகமாக உணர்வதால் அப்படி வைத்தார். மருந்துக்கடையில் கிடைக்கும் சிறிய மாத்திரை வெட்டியை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் பேத்தி ஒரு வாரத்துக்கான துண்டுகளை வெட்டி டப்பாவில் போட்டுவைத்தாள். மெதுவாகக் கரையும் வகையாகச் செய்யப்பட்ட அல்ப்ரஸோலம் மாத்திரைகளை இப்படி உடைக்கக்கூடாது. உடைத்தால் மருந்து முழுவதும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

அரை மாத்திரைக்கு வந்தபோது பாட்டிக்கு ஐந்து இரவுகள் சரியாகத் தூக்கமில்லை, நெஞ்சு படபடத்தது. மருத்துவர் அளவை மறுபடி ஏற்றவில்லை, குறைக்கவும் இல்லை. அரையிலேயே மேலும் மூன்று வாரம் நிறுத்திவைத்தார். ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் மூளை எந்த அளவுக்கும் பழகாது. நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதற்கெனவே ஒரு மருத்துவ மையத்தை நடத்திய ஹெதர் ஆஷ்டன் என்ற மருத்துவரும் இதைத்தான் வலியுறுத்தினார்: வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியவர் நோயாளி, நிற்கலாம், முடிந்தவரை பின்னோக்கிப் போகக்கூடாது. அவர் நோயாளிகளை டயசெபாமுக்கு மாற்றிக் குறைப்பார். முதியவருக்கு அது உடலில் தேங்கும் என்பதால், சாப்பிட்டு வந்த மருந்தையே குறைப்பவர்களும் உண்டு. யாருக்கு எந்த வழி என்பது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. வலிப்பு நோய் உள்ளவர்கள், அதிக அளவில் சாப்பிடுபவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்கு வீட்டில் வைத்துக் குறைப்பதே ஆபத்தாகலாம்.

எத்தனை மணி நேரத் தூக்கம்

மாத்திரையைக் குறைப்பதோடு பாட்டியின் இரவையும் மருத்துவர் கணக்கெடுத்தார். எட்டரைக்குப் படுக்கை, ஒன்பதுக்கு மாத்திரை, அதிகாலை மூன்றரைக்கு விழிப்பு. விடியும்வரை புரண்டுகொண்டே கிடப்பார். மதியம் சாப்பிட்டதும் ஒன்றரை மணி நேரம் உறக்கம். கூட்டினால் ஒரு நாளில் ஏழு மணி நேரத்துக்கு மேல் அவர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். 74 வயதில் அது போதுமான தூக்கம். வயதாகும்போது ஆழ்ந்த தூக்கம் குறையும். தூங்கும் நேரமும் விழிக்கும் நேரமும் முன்னுக்கு நகரும். பாட்டி நோய் என்று நினைத்ததில் பெரும்பகுதி, சீக்கிரம் படுத்ததன் கணக்கு.

தூக்கமின்மைக்கான நடத்தை சிகிச்சை இந்தக் கணக்கைத்தான் திருத்துகிறது. பாட்டி பத்தரைக்குத்தான் படுக்கப் போக வேண்டும், நன்றாகத் தூங்கினாலும் தூங்காவிட்டாலும் ஐந்து மணிக்கு எழுந்துவிட வேண்டும். மதியத் தூக்கம் அரை மணி நேரத்தோடு சரி. படுத்து இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து கூடத்தில் உட்கார வேண்டும். கண் சொக்கும்போது திரும்பலாம். நாலரை மணிக் காபி நின்றது. முதல் பத்து நாள் பாட்டிக்குப் பகலெல்லாம் கண் எரிந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து பத்தரை மணிக்குப் படுக்கை தேடி வந்தது. ஐந்து மாதம் முடிந்தபோது மாத்திரை இல்லாமல் இரவில் ஐந்தரை மணி நேரம் தூங்கினார். மாத்திரை நாட்களைவிட ஒரு மணி நேரம் குறைவு; பகலில் தடுமாற்றம் இல்லை.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. சிலர் கால் மாத்திரையில் நின்றுவிடுகிறார்கள். எண்பத்தைந்து வயதில், வேறு பெரிய நோயோடு இருப்பவருக்கு, குறைக்கும் சிரமத்தைவிடச் சிறிய அளவில் தொடர்வது மேல் என்று மருத்துவரே முடிவு செய்வதுண்டு. அதில் தவறில்லை. ஆனால் தொடர்பவருக்கும் விடுபவருக்கும் பொதுவாக ஒன்று தேவை: வீட்டில் இன்னொருவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வெளியூரில் தங்க மறுப்பது, பத்து நாளுக்கு ஒருமுறை தானே மெடிக்கல் ஷாப்புக்குப் போவது, காலையில் மட்டும் தள்ளாடுவது, காரணமில்லாமல் விழுவது. கேட்கும்போது தூக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். ராத்திரி படுக்கும்முன் நரம்புக்கு, படபடப்புக்கு, அலுப்புக்கு என்று ஏதாவது போட்டுக்கொள்கிறீர்களா, எத்தனை வருஷமாக என்று கேட்டால் உண்மை வெளிவரலாம். தெரிந்தபின் அதைப் பிடுங்கவோ அன்றே நிறுத்தவோ கூடாது. மருந்தின் பெயர், மில்லிகிராம், சாப்பிடும் நேரம் மூன்றையும் பிபி, சுகர் மாத்திரைகளோடு ஒரே தாளில் எழுதி மருத்துவக் கோப்பில் வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது முதலில் காட்ட வேண்டிய தாள் அது.